நீல போர்ட்டைத் தொடாதீர்கள்
எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினிப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும், மேலே மறையூர், மூணாறு, பீர்மேடு பக்கத்திலும் பள்ளியின் கணினிப் பொறுப்பைக் கூடுதல் சுமையாகச் சுமக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும்,

நான் இந்தப் பகுதியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். உங்களில் பலருடைய அலுவலக அறையில், மேசைக்கடியில் தலையை விட்டு ஒயர் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே கோளாறைத் தனித்தனியாக விளக்குவதற்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

கோளாறு எங்கே பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபைபர் இணைப்பு அலுவலக அறைக்கு வருகிறது. அங்கே மட்டும் வைஃபை நன்றாக எடுக்கிறது. 2018-ல் கைட் நிறுவனத்தின் ஹைடெக் திட்டம் தொடங்கிய பிறகு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. வகுப்பறையோ முற்றத்துக்கு அந்தப்புறம், புதிய கட்டடத்தில் இருக்கிறது. அலுவலகத்துச் சிக்னல் அதுவரை போவதில்லை. இன்னொரு பக்கம், 2020 ஜூனில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது வீடுகளில் வாங்கிய ரூட்டர்கள் இன்று பரண்மேல் கிடக்கின்றன. நெட் கம்பெனிக்காரன் புதுப் பெட்டி கொடுத்துவிட்டான், பழையது சும்மா இருக்கிறது. பி.டி.ஏ. உறுப்பினர் ஒருவர் அதைத் துடைத்துக் கொண்டுவந்து தருகிறார். முற்றத்தைத் தாண்டி ஒரு ஒயர் இழுத்து, அந்த ரூட்டரில் செருகி, வகுப்பறையில் வைக்கிறார்கள். செருகும் இடம்தான் பிரச்சினை.

அந்தப் பெட்டியின் முதுகைப் பாருங்கள். பெரும்பாலான பழைய ரூட்டர்களில் ஐந்து போர்ட் இருக்கும். நான்கு ஒரே நிறத்தில், ஒன்று மட்டும் தனி நிறத்தில் அல்லது சற்றுத் தள்ளி இருக்கும். டிபி-லிங்க் 841 போன்ற பெட்டிகளில் அந்த ஒன்று நீலம். `WAN` அல்லது `INTERNET` என்று எழுதியிருக்கும். இன்டர்நெட் என்று எழுதியிருப்பதால் நெட் ஒயரை அதில்தானே செருக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். செருகினால் நெட்டும் வரும். அதனால்தான் இந்தத் தவறு வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. அலுவலகம் பழைய ஓட்டுக் கட்டடத்தில். அங்கே ஃபைபர் பெட்டியும், நெட்வொர்க்கில் இணைந்த பிரிண்டரும் இருந்தன. புதிய இரண்டு மாடிக் கட்டடத்துக்கு ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஒயர் இழுத்து, 841 ஒன்றின் நீல போர்ட்டில் செருகி வைத்திருந்தார்கள். வகுப்பில் வீடியோ ஓடியது. ஆனால் வகுப்பறை லேப்டாப்பிலிருந்து வினாத்தாள் பிரிண்ட் எடுக்க முடியவில்லை. பட்டியலில் பிரிண்டரே தெரியவில்லை. அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து வகுப்பறை லேப்டாப்பின் ஷேர் ஃபோல்டரைத் திறக்கவும் முடியவில்லை. பென்டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டு மழையில் முற்றத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரிண்டர் பழுது என்று முடிவுகட்டி, புதிய பிரிண்டருக்கு விலை கேட்டும் வைத்திருந்தார்கள்.

வகுப்பறை லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தேன். கைட்டின் லினக்ஸ் உள்ள எந்த லேப்டாப்பிலும் இது வேலை செய்யும்.

```
ip route
```

வந்த பதிலின் முதல் வரி இப்படித் தொடங்கியது:

```
default via 192.168.0.1 dev wlp2s0 proto dhcp
```

அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் அதே வரியை அடித்தால் `192.168.1.1` என்று வந்தது. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: இங்கே 0, அங்கே 1. ஒரே பள்ளிக்குள் இரண்டு நெட்வொர்க் என்று அர்த்தம். நீல போர்ட்டின் வேலையே அதுதான். அதில் வருவதை அந்தப் பெட்டி 'வெளியுலகம்' என்று எடுத்துக்கொள்கிறது. தன் மற்ற நான்கு போர்ட்டுகளையும் வைஃபையையும் தன் 'உள்வீடு' என்று எடுத்துக்கொண்டு, நடுவில் சுவர் எழுப்புகிறது. உள்ளே இருப்பவர்களுக்குத் தானே ஒரு தொடரில் முகவரி கொடுக்கிறது. வெளியே போகும் ஒவ்வொன்றையும் தன் ஒற்றை முகவரியில் மாற்றி அனுப்புகிறது. ஃபைபர் பெட்டியும் ஏற்கனவே அதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, வகுப்பறைக்காரர்கள் இரண்டு சுவருக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

அந்தச் சுவர் ஒருவழிச் சுவர் என்பதால்தான் அறிகுறிகள் குழப்பமாக இருக்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். அதனால் யூடியூப் ஓடும். பிரிண்டரின் முகவரியைக் கையால் அடித்துச் சேர்த்தால் அச்சுகூட வரும். ஆனால் பிரிண்டரைத் தேடும் அறிவிப்பு இருக்கிறதே, "யாராவது பிரிண்டர் இருக்கிறீர்களா" என்று லேப்டாப் கூவுவது, அது தன் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும், சுவரைத் தாண்டாது. வெளியிலிருந்து உள்ளே போவதோ அறவே நடக்காது. அதனால்தான் அலுவலகம் வகுப்பறையைப் பார்க்க முடியவில்லை. ஒன்று வேலை செய்து இன்னொன்று செய்யாமல் போனால் நாம் பிரிண்டரைச் சந்தேகிப்போம், லினக்ஸைச் சந்தேகிப்போம், ஒயரை ஒருநாளும் சந்தேகிக்க மாட்டோம்.

இதையே வேறு விதமாகவும் உறுதி செய்துகொள்ளலாம்:

```
tracepath -n 8.8.8.8
```

வழியில் முதல் இரண்டு நிறுத்தங்களும் `192.168.` என்று தொடங்கினால் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இரண்டு சுவர் இருக்கிறது. ஒன்றுதான் அப்படித் தொடங்குகிறது, அடுத்தது `100.` அல்லது `10.` என்று போகிறது என்றால் கவலை வேண்டாம். அது நெட் கம்பெனியின் சொந்த ஏற்பாடு, நம் கையில் இல்லை.

சரி, நீல போர்ட்டிலிருந்து பிடுங்கி நான்கில் ஒன்றில் செருகினால் போதுமா? போதாது. அதைச் செய்த பள்ளி ஒன்று மலைமேல் இருக்கிறது. அங்கே நிலைமை முன்னதைவிட மோசம். நான்கு போர்ட்டுகளும் வைஃபையும் சுவரில்லாத ஒரே கூடம்தான், அதுவரை சரி. ஆனால் அந்தக் கூடத்தில் இப்போது முகவரி கொடுக்கும் ஆட்கள் இருவர்: ஃபைபர் பெட்டி ஒருவர், பழைய ரூட்டர் இன்னொருவர். ஒரே தெருவுக்கு வடகரப்பதி பஞ்சாயத்தும் கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தும் போட்டி போட்டுக் கதவு எண் அடித்தால் தபால்காரர் என்ன ஆவாரோ அந்த நிலைமை. ஒரு லேப்டாப் ஆன் ஆனதும் முகவரி கேட்கிறது. யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ அவருடையதை எடுத்துக்கொள்கிறது. ஃபைபர் பெட்டி முந்தினால் நெட் வரும். பழைய ரூட்டர் முந்தினால், "நெட்டுக்கு என் வழியாகப் போ" என்று சொல்லும். அதன் நீல போர்ட்டிலோ ஒன்றும் இல்லை. லேப்டாப்பில் 'வைஃபை இணைந்தது, இன்டர்நெட் இல்லை' என்று வரும்.

இதன் கொடுமை, இது பழைய ரூட்டரைச் சுற்றி மட்டும் நிற்காது. ஹெச்.எம். அறைக் கம்ப்யூட்டரையும் பிடிக்கும். காலையில் வேலை செய்தது மதியம் செய்யாது. கொடுத்த முகவரி எத்தனை நேரம் செல்லும் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. 841-ல் அது இரண்டு மணி நேரம், சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு நாள். அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு நேரத்தில் படுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சிலது எழும், சிலது படுக்கும். அந்தப் பள்ளியில் நெட் கம்பெனிக்கு மாறி மாறிப் புகார் கொடுத்திருந்தார்கள். கம்பெனி ஆள் வந்து ஃபைபர் பெட்டியில் நேராக லேப்டாப்பைச் செருகிப் பார்த்து, நெட் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதும் உண்மைதான்.

ஆக வேலை மூன்றுதான்: பழைய பெட்டியின் முகவரிக் கடையை மூடுவது, அதற்கு இடிக்காத ஒரு முகவரி கொடுப்பது, நீல போர்ட்டை விட்டுவிடுவது. மூன்றும் முடிந்த பிறகு அது ரூட்டரே இல்லை. வைஃபையும் நான்கு போர்ட்டும் உள்ள வெறும் நீட்சி. ஆக்சஸ் பாயின்ட் என்பது அவ்வளவுதான்.

செய்யும் வரிசைதான் முக்கியம், அதை விரிவாகச் சொல்கிறேன். முதலில், பள்ளி நெட்வொர்க்கோடு பழைய பெட்டியை இணைக்கவே வேண்டாம். தனியாக ஒரு மேசையில் வைத்து, அதன் நான்கு போர்ட்டுகளில் ஒன்றுக்கும் லேப்டாப்புக்கும் இடையே ஒரு சிறிய ஒயர் போடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திறப்பது எந்தப் பெட்டியின் பக்கம் என்று தெரியாது. பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் பட்டனை, கரண்ட் ஆன் ஆக இருக்கும்போதே, ஏறத்தாழ பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரியும். கொடுத்தவர் வீட்டுப் பாஸ்வேர்டெல்லாம் போய்விடும். அவருக்கும் அதுதான் நல்லது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலான 841-க்கும் பழைய டி-லிங்க் 615-க்கும் `192.168.0.1`. பிரவுசரில் அதை அடித்து உள்ளே போங்கள். முதலில் வைஃபை பக்கம். அலுவலகத்து வைஃபைக்கு என்ன பெயரும் பாஸ்வேர்டும் இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து இங்கேயும் போடுங்கள். பாதுகாப்பு `WPA2-PSK`, `AES`. அந்தப் பட்டியலில் `WEP` மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது பள்ளிக்கு ஆகாது. சேனலை மட்டும் மாற்றுங்கள்: அலுவலகம் 1-ல் இருந்தால் இது 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றையொன்று உரசாதவை. அகலம் `20MHz` போதும். `WPS` என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அடுத்து முகவரி. ஃபைபர் பெட்டி `192.168.1.1` என்று வைத்துக்கொள்வோம். பழைய பெட்டிக்கு அதே தொடரில், வேறு யாருக்கும் போகாத ஓர் எண் வேண்டும். இதற்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைபர் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 2 முதல் 254 வரை மொத்தத்தையும் எடுத்து வைத்திருக்கும். அதை 100 முதல் 199 வரை என்று குறுக்கிவிட்டால் கீழே ஏராளமான எண்கள் நமக்குச் சும்மா கிடைக்கும். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் அப்படித்தான் செய்தோம்: ஃபைபர் பெட்டி 1, பழைய ரூட்டர் 2, பிரிண்டர் 20. கம்பெனி அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் போன் செய்து குறுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

பழைய பெட்டியில் `Network` > `LAN` பக்கத்தில் `192.168.1.2` என்று போட்டுச் சேமித்தால் அது ஒருமுறை அணைந்து எழும். பயப்பட வேண்டாம், பழைய முகவரியில் பக்கம் இனி திறக்காது. ஒயரைக் கழற்றி மறுபடி செருகிவிட்டு, புதிய முகவரியை அடித்து உள்ளே போங்கள்.

கடைசியாகத்தான் முகவரிக் கடையை மூட வேண்டும். `DHCP` பக்கத்தில் `Disable`, சேமி. இதை முதலிலேயே செய்துவிட்டால் என்ன ஆகும் என்றால், ஒயரைக் கழற்றிச் செருகிய அடுத்த நொடி லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. உள்ளே போக வழியில்லாமல் வெளியே நிற்பீர்கள். பாதி வேலையில் மறுபடி ரீசெட் அடித்துத் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும். அட்மின் பாஸ்வேர்டையும் மூடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். `admin`, `admin` என்று விட்டுவைத்தால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்றைக்கே உள்ளே போய்விடுவான். உங்கள் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளின் திறமையைக் குறைத்து மதிக்க வேண்டாம்.

இப்போது பெட்டியை வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள். ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் ஒயரை இதன் நான்கில் ஒன்றில் செருகுங்கள். நீல போர்ட்டின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். விடுமுறையில் யாரோ சுத்தம் செய்யும்போது ஒயரைக் கழற்றி, 'இன்டர்நெட்' என்று படித்துவிட்டு அக்கறையோடு அதில் செருகுவார், டேப் அதற்காக.

ஒரு விதிவிலக்கு. சற்றுப் புதிய பெட்டிகளில் `Operation Mode` என்ற இடத்தில் `Access Point` என்றே ஒரு தேர்வு இருக்கும். அது இருந்தால் மேலே சொன்ன முகவரிக் கடை சமாச்சாரத்தையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நீல போர்ட்டிலும் சாதாரணமாகச் செருகலாம். `Repeater`, `Range Extender` என்பவை வேறு. அவை ஒயர் இல்லாமல் காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுப்பவை; ஒரே ரேடியோ இரண்டு வேலையும் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். ஒயர் இழுக்க வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அது.

சரியாக வந்ததா என்று பார்க்க, வகுப்பறை லேப்டாப்பில் மறுபடி `ip route`. இப்போது `192.168.1.1` என்று வர வேண்டும். வந்தால், பிரிண்டரைத் தொட்டுப் பாருங்கள்:

```
ping -c 4 192.168.1.20
```

நான்குக்கும் பதில் வந்தால், அச்சுப் பட்டியலில் பிரிண்டர் பெரும்பாலும் தானாகவே தெரியும். அந்தப் பள்ளியில் புதிய பிரிண்டர் வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது.

இனி, எங்கே எல்லாம் இது தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்துபோகும்போது லேப்டாப் தானாக ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் என்றுதான் ஒரே பெயர் வைத்தோம். மாறும், ஆனால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது பெட்டி அல்ல, கையில் இருக்கும் போனோ லேப்டாப்போதான். சில போன்கள் அலுவலகத்துச் சிக்னல் உயிர் போகும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். வகுப்பறையில் வந்த பிறகும் ஒற்றைக் கோடு காட்டினால் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பக்கத்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல.

வேகத்தைப் பொறுத்தவரை, இந்தப் பழைய பெட்டிகளின் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். தாண்டாது. மேலே 300 என்று அச்சிட்டிருப்பது காற்றில் சொல்லும் கணக்கு. கையில் வருவது அதில் சிறு பங்கு. வகுப்பறை வீடியோவுக்குத் தாராளம். ஆனால் லேப் முழுவதும் ஒரே நேரத்தில் பெரிய கோப்பு இறக்கினால் திணறும். அதற்குப் பழைய பெட்டியின் மீது கோபப்பட்டுப் பயனில்லை.

'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தேர்வை நம்ப வேண்டாம். ரூட்டராக இருந்தபோது அது விருந்தாளிகளைத் தனியே பிரித்து வைத்தது. இப்போது அந்தச் சுவரை நாமே இடித்துவிட்டோம். இந்தப் பெட்டிகளில் பலவற்றில் கெஸ்ட் பெயரில் வருபவரும் அலுவலகக் கம்ப்யூட்டர் இருக்கும் அதே கூடத்தில்தான் வந்து நிற்பார். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பாஸ்வேர்டு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதற்கு ஃபைபர் பெட்டியிலேயே கெஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

பிறகு வளையம். ஒரு நாள் பள்ளி முழுக்க நெட்டும் இல்லை, பிரிண்டரும் இல்லை, எதுவும் இல்லை. பெட்டிகளின் போர்ட் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்த மாதிரி மின்னுகின்றன என்றால், யாரோ தொங்கிக்கொண்டிருந்த ஒயர் முனையைக் காலியான போர்ட்டில் செருகிவிட்டார் என்று அர்த்தம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு ஒயர், அல்லது ஒரே பெட்டியில் ஒரே ஒயரின் இரண்டு முனை. ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். விலை உயர்ந்த சுவிட்சுகள் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும். நம் பெட்டிகளுக்கு அந்த வித்தை தெரியாது. ஒரு முனையைப் பிடுங்கினால் அந்த நொடியே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது முற்றத்தின் குறுக்கே போகும் அந்த ஒயரைப் பற்றித்தான். கேட்-6 ஒயர் நூறு மீட்டர் வரை தாங்கும். நம் பள்ளிகளில் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. கடையில் மலிவாகக் கிடைப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மடக்கினால் உள்ளே உடையும், வெளியே தெரியாது. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் போவதற்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ஒயர் தனியாக உண்டு. சாம்பல் நிற ஒயரைக் கொழிஞ்சாம்பாறை வெயிலில் போட்டால் உறை வெடித்து, அடுத்த மழையில் நீர் இறங்கும்.

ஆனால் உண்மையான எதிரி இடி. துலாவர்ஷ மாதங்களில், ஐப்பசி பிறந்ததும் மாலையில் மலையிலும் கணவாய்ப் பக்கத்திலும் விழும் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே தொங்கும் செம்பு ஒயரின் மேல் மின்னல் நேராக விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே அதில் பாயும் மின்னழுத்தம் இரு முனையிலும் போர்ட்டைக் கருக்கிவிடும். பழைய ரூட்டர் போனால் போகட்டும், இலவசம்தானே. அதே ஒயரின் மறுமுனை ஃபைபர் பெட்டியில் இருக்கிறது, அதோடு சேர்ந்து அலுவலகக் கம்ப்யூட்டரின் போர்ட்டும் இருக்கிறது. போர்ட் கருகியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், வைஃபை எல்லாம் சரியாக எரியும், ஒயர் செருகிய போர்ட்டின் விளக்கு மட்டும் எரியாது. அதே ஒயரைப் பக்கத்து போர்ட்டில் மாற்றினால் எரியும்.

இதற்குச் சரியான தீர்வு, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே செம்பு போடாமல் ஃபைபர் போடுவது. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறிய பெட்டி வைத்து ஒளியை மறுபடி மின்சாரமாக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர் கேபிள் டிவி ஆளிடமே இந்தப் பொருளும், ஃபைபர் ஒட்டும் இயந்திரமும் இருக்கும். வாங்கும்போது கம்பி இழை இல்லாத ஃபைபராகக் கேளுங்கள். தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்த்த ஃபைபரைத் தொங்கவிட்டால் மின்னலுக்கு மறுபடி ஒரு பாதை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். செலவுக்கு வழியில்லை என்றால், பள்ளி மணி அடித்ததும் அந்த ஒயரின் இரு முனையையும் கழற்றி வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஒயர் செருகியிருக்கும் வரை பாதை திறந்துதான் இருக்கும்.

மலைப் பள்ளிகளில் அடிக்கடி கேட்பது, மூடுபனி இறங்கினால் வைஃபை குறைகிறதே என்று. இந்தத் தூரத்துக்குப் பனியும் மழையும் வைஃபையை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் குற்றவாளி தகரம். தகரக் கூரைக்கும் தகரத் தடுப்புச் சுவருக்கும் பின்னால் சிக்னல் போகாது. எஸ்டேட் காலத்துக் கருங்கல் சுவர் அதற்கு அடுத்தது. பனி நாளில் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம், அதில் தகரக் கதவும் உண்டு. பெட்டியை வகுப்பறைக்குள்ளேயே, ஆள் உயரத்துக்கு மேல், பீரோவுக்குப் பின்னால் இல்லாமல் மாட்டினால் தீர்ந்தது. பீரோவும் தகரம்தானே.

இன்னொன்று அடாப்டர். பரணில் கிடந்த பெட்டி தானாக அணைந்து அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைப் போடக் கூடாது; பின் ஒரே அளவில் இருப்பதால் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

வேலை தொடங்கும் முன் ஹெச்.எம்.-இடம் சொல்லிவிடுங்கள். அரசு கொடுத்த இணைப்பு என்றால் அதைக் கவனிக்கும் கைட் மாஸ்டர் டிரெய்னரிடமும் ஒரு வார்த்தை. கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது. பழைய இணைப்பிலிருந்து அதற்கோ வேறு கம்பெனிக்கோ நாளைக்கு நீங்களும் மாறலாம்.

அப்படி மாறும்போது ஒன்று நடக்கும். புதிய கம்பெனியின் பெட்டி வேறு தொடரோடு வரும். ஜியோ என்றால் `192.168.29.1`, சில ஹுவாவே பெட்டிகளில் `192.168.100.1`. வகுப்பறையில் வைஃபை வழக்கம்போல் வேலை செய்யும், ஏனென்றால் பழைய ரூட்டர் இப்போது யாருக்கும் முகவரி கொடுப்பதில்லை, வருவதை அப்படியே கடத்துகிறது. ஆனால் `192.168.1.2` என்று அடித்தால் அதன் பக்கம் திறக்காது. பாஸ்வேர்டை மாற்றவோ சேனலை மாற்றவோ முடியாது. பெட்டி போய்விட்டது என்று நினைத்து ரீசெட் அடித்தீர்களோ, முகவரிக் கடை மறுபடி திறந்துவிடும், இரண்டு பஞ்சாயத்துப் பிரச்சினை திரும்ப வரும். அதற்குப் பதில், ஒயரில் இணைந்த ஒரு லேப்டாப்புக்குப் பழைய தொடரில் ஒரு கூடுதல் முகவரி கொடுங்கள்:

```
sudo ip addr add 192.168.1.50/24 dev enp3s0
```

கடைசியில் உள்ள `enp3s0` லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். `ip link` என்று அடித்தால் உங்களுடையது தெரியும். இப்போது பக்கம் திறக்கும். உள்ளே போய் `LAN` எண்ணைப் புதிய தொடருக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் கூடுதல் முகவரி தானாகப் போய்விடும். பிரிண்டருக்கு எண்ணைக் கையால் கொடுத்திருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதிய எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பழைய ரூட்டரின் தலையிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வரலாம்.

அன்புடன்,
சித்தூர் தாலுகாவிலிருந்து, உங்கள் ஒயர்க்காரன்